வெயிலுக்கு அனுப்பிய கை

எங்கள் பேக்கரியில் ரொட்டிக்குக்கூட வெயில் படக் கூடாது. வேறு இடத்தில் இருக்கும் அடுப்படியிலிருந்து வேன் வந்து பின்புற முற்றத்தில் நின்றால், தட்டுகளைத் துணி போட்டு மூடித்தான் இறக்குவார்கள். கேக்கின் மேல் வெயில் பட்டால் க்ரீம் உருகிவிடும். அந்த முற்றத்தில்தான், வேனுக்கும் கதவுக்கும் நடுவே, காலையிலிருந்து மத்தியானம் தாண்டும் வரை என்னை நிற்க வைத்தார்கள். நான் உருக மாட்டேன் என்று நினைத்திருப்பார்கள் போலிருக்கிறது.

அதற்கு முன்பு நான் கல்லாவில் இருந்தேன். சில்லறை இல்லாமல் வருகிறவர்களை ஒரு பிடி பிடிப்பேன் என்பதால் எனக்குச் சில்லறை அக்கா என்றே பெயர். என் வாய்க்குப் பயந்தே பிள்ளைகள் சரியான காசோடு வரும். அந்த உயரமான நாற்காலியில் உட்கார்ந்தால் தெரு முழுக்கத் தெரியும். எதிர் வரிசையில் இரண்டு கடை தள்ளி என் வீட்டுக்காரரின் முடிவெட்டும் கடை. அவர் வாசலில் வந்து துண்டை உதறினால் டீ வேண்டும் என்று அர்த்தம். நான் தலையை ஆட்டினால் இப்போது முடியாது என்று அர்த்தம். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் நாங்கள் அதிகம் பேசிக்கொண்டது அந்தத் தெருவைத் தாண்டித்தான்.

முதல் புள்ளி வலது கை விரல் முட்டியில் வந்தது. தேமல் என்றேன். மணிக்கட்டில் வந்தது. சோப்பு ஒத்துக்கொள்ளவில்லை என்றேன். புறங்கையில் இரண்டும் சேர்ந்து ஒரு தீவு மாதிரி ஆனபோது, சத்துக் குறைவு என்று பக்கத்து வீட்டுக்காரி சொன்னாள். இன்னொருத்தி பால் குடிக்காதே என்றாள், வேறொருத்தி புளிப்பு சாப்பிடாதே என்றாள். எல்லோரும் சொன்ன பத்தியத்தையும் சேர்த்துப் பார்த்தால் காற்றைத்தான் குடிக்க வேண்டும். வாயோரத்தில் அரிசி அளவு வெள்ளை தெரிந்த அன்றைக்குத்தான் தோல் டாக்டரிடம் போனேன். என் வீட்டுக்காரரும் கடையைச் சாத்திவிட்டு என் கூடவே வந்தார்.

டாக்டர் என் வயதுப் பெண். விளக்கை அணைத்துவிட்டு ஊதா வெளிச்சம் அடிக்கும் ஒரு கைவிளக்கைக் காட்டினார். என் கை சுண்ணாம்பு அடித்த மாதிரி பளிச்சென்று மின்னியது. எனக்குத் தெரியாமலே முழங்கையில் ஒரு திட்டு இருந்தது. அதுவும் மின்னியது. பிறகு பஞ்சால் தொட்டு, உணர்ச்சி இருக்கிறதா என்று கேட்டார். இருந்தது.

"இது வெண்குஷ்டமா டாக்டர்?" என்று இவர்தான் கேட்டார்.

"அந்தப் பேரையே விட்டுடுங்க. குஷ்டத்துக்கும் இதுக்கும் ஒரு சம்பந்தமும் இல்ல. இது வெண்புள்ளி. உடம்போட எதிர்ப்புச் சக்தி, தோலுக்கு நிறம் கொடுக்கிற செல்லை எதிரின்னு தப்பா நினைச்சு அழிச்சிடுது. யாருக்கும் ஒட்டாது. தொட்டாலும் ஒட்டாது, ஒரே தட்டுல சாப்பிட்டாலும் ஒட்டாது."

இவர் பெருமூச்சு விட்டார். அந்தச் சத்தம் எனக்கு இன்னும் காதில் இருக்கிறது.

டாக்டர் தைராய்டுக்கு ரத்தப் பரிசோதனை எழுதினார். களிம்பு எழுதினார். வாரத்தில் சில நாள் வந்து, ஒரு பெட்டிக்குள் கையை நீட்டி வெளிச்ச சிகிச்சை எடுத்துக்கொள்ளச் சொன்னார். பிறகு என்னைக் கொஞ்சம் திட்டினார். "பரவ ஆரம்பிச்ச உடனே வந்திருக்கணும். புதுசா இருக்கிறப்போதான் நிறம் திரும்ப வர்றது சுலபம். முகம் சொன்ன பேச்சு கேக்கும். விரல் நுனி பிடிவாதம் பிடிக்கும், அதுக்கு நான் உத்தரவாதம் தர மாட்டேன்."

"வெளிச்சம்தான் மருந்துன்னா, இவ வெயில்ல நின்னா போதாதா?" என்று இவர் கேட்டார். கேட்டது இவர்தான். அதை நான் மறக்கவில்லை.

"போதாது. ரொம்பத் தப்பு. இந்தப் பெட்டியில வர்றது ஒரே வகைக் கதிர். விநாடிக் கணக்குல அளந்து கொடுக்கிறோம். வெயிலுக்கு அளவே கிடையாது. நிறம்தான் தோலுக்குக் குடை. வெள்ளையான இடத்துல அந்தக் குடை இல்ல, கொஞ்ச நேரத்துலயே வெந்துடும். வெந்த இடத்துல, அடிபட்ட இடத்துல, புதுசா வெள்ளை வரவும் வரும். பத்து மணியிலேர்ந்து நாலு மணி வரைக்கும் நிழல்ல இருக்கணும். வெளியே போனா முழுக்கை, நெருக்கமா நெய்த துணி. வெயில் தடுக்கிற க்ரீம், முப்பதுக்குக் குறையாம, அம்பதுன்னா நல்லது. கிளம்பறதுக்குக் கால் மணி நேரம் முன்னாடி தாராளமா போடணும். ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை திரும்பப் போடணும். கை கழுவினா அப்பவே மறுபடியும். மேகமா இருந்தாலும் போடணும்."

வழியெல்லாம் இவர் அதைத் திருப்பித் திருப்பிச் சொல்லிக்கொண்டே வந்தார். மருந்துக் கடையில் க்ரீமை இவரே கேட்டு வாங்கினார்.

சில மாதத்தில் நிறம் திரும்ப ஆரம்பித்தது. அதையும் முதலில் கண்டுபிடித்தவர் இவர்தான். நாள் முழுக்க மற்றவர்களின் கன்னத்தையும் கழுத்தையும் பார்க்கிற கண் அல்லவா. ஒரு காலையில் என் கையைப் பிடித்து ஜன்னல் பக்கம் திருப்பினார். "இங்க பாரு, இங்க பாரு" என்றார். வெள்ளைக்குள்ளே, ஒவ்வொரு மயிர்க்காலையும் சுற்றி, கடுகு தெளித்த மாதிரி பழுப்புப் புள்ளிகள். வாயோரத்தில் பாதி மூடியே விட்டது. அன்றைக்கு இவர் சீட்டியடித்துக்கொண்டே கடை திறக்கப் போனார். எனக்கும் சந்தோஷம் தாங்கவில்லை. சில்லறை இல்லாமல் வந்த ஒருவனை ஒன்றும் சொல்லாமல் விட்டேன்.

அப்புறம்தான் சின்ன முதலாளி என்னைக் கூப்பிட்டான். பெரியவருக்கு உடம்பு முடியாததால் கடையை மகன் பார்த்துக்கொண்டிருந்தான். நல்ல பையன்தான். ஆனால் வாழைப்பழத்தில் ஊசி ஏற்றுகிற மாதிரி பேசுவான்.

"அக்கா, கஸ்டமர் ஒருத்தங்க சொன்னாங்க. எனக்கு ஒண்ணும் இல்ல, உங்களுக்கே தெரியும். ஆனா சாப்பிடற பொருள் பாருங்க... கொஞ்ச நாள் பின்னாடி வேன் தட்டைச் சரிபார்த்து இறக்குங்க."

"யாரு சொன்னா?"

"அது எதுக்குக்கா."

"தம்பி, இது ஒட்டாது. டாக்டரே சொல்லிட்டாங்க. வேணும்னா வந்து கேளு."

"எனக்குத் தெரியும்க்கா. அவங்களுக்குத் தெரியணுமே."

யார் என்று எனக்கு உடனே தோன்றியது. கண்ணாடி போட்ட ஒரு வங்கிக்காரி தினமும் பன் வாங்க வருவாள். காசை என் கையில் தராமல் மேசையில் வைப்பாள். அவள்தான், சந்தேகமே இல்லை. மனதுக்குள் அவளைக் கிழித்துத் தோரணம் கட்டினேன்.

வீட்டில் வந்து குதித்தேன். நாளைக்கே போய்ச் சண்டை போடப் போகிறேன் என்றேன். இவர் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார்.

"விடு. கொஞ்ச நாள்தானே. சண்டை போட்டா உள்ள வேலையும் போயிடும்."

"அங்க வெயிலு. டாக்டர் சொன்னது மறந்துபோச்சா?"

"முழுக்கைச் சட்டை போட்டுக்க. தொப்பி போட்டுக்க. க்ரீம் இருக்கு. பாத்துக்கலாம்."

நிமிர்ந்து பார்க்காமல் சொன்னார். எங்கள் பிள்ளையின் படிப்புச் செலவை நினைத்துச் சொல்கிறார் என்று எடுத்துக்கொண்டேன். கட்டினவன் சொல்லுக்கு நாமே ஒரு நல்ல அர்த்தம் தைத்துப் போட்டுக்கொள்கிறோம்.

பின்புற முற்றத்தில் நிழல் என்று சொன்னால் வேனின் நிழல்தான். வேன் போனால் அதுவும் போய்விடும். அடுத்த வேன் வரும் வரை காலித் தட்டுகளைத் துடைத்து அடுக்க வேண்டும். முழுக்கைச் சட்டை, தொப்பி, முகத்தில் க்ரீம் எல்லாம் சரி. கைக்கு என்ன செய்ய? தட்டைத் தொடும் முன் ஒவ்வொரு முறையும் கையைக் கழுவ வேண்டும். கழுவினால் க்ரீம் போய்விடும். மறுபடி பூசிக்கொண்டு வந்தால், ரொட்டியில் மருந்து வாசனை வருகிறது என்று சின்ன முதலாளி மூக்கைச் சுளித்தான்.

"கையுறை போட்டுக்கங்கக்கா. சுத்தத்துக்கும் ஆச்சு, வெயிலுக்கும் ஆச்சு" என்று ஒரு பெட்டி கொண்டுவந்து வைத்தான். கேக் எடுக்கும்போது போடுகிற, ஊதினால் பறக்கிற பிளாஸ்டிக் கையுறை. பேக்கரிக்காரிக்குக் கையுறை என்றால் அதுதான். உள்ளே ரேகைகூடத் தெரியும். நானும் நம்பினேன். கைக்குத்தான் ஒரு மூடி கிடைத்ததே என்று க்ரீமை விட்டேன்.

முதல் சில நாள் வானம் மூட்டமாக இருந்தது. ஒன்றும் தெரியவில்லை. பிறகு ஒரு நாள் வானம் துடைத்து வைத்த மாதிரி இருந்தது. அன்றைக்குப் பார்த்து ஒரு வேன் வழியில் நின்றுபோக, மற்றொரு வேன் வந்து போய் வந்து போய், மத்தியானம் வரை முற்றத்திலேயே நின்றேன். நடுவில் அந்தக் கண்ணாடிக்காரி பக்கத்துச் சந்து வழியாக எட்டிப் பார்த்தாள்.

"ஏன்க்கா, உங்களைக் கவுண்டர்ல காணோம்? லீவோன்னு நினைச்சேன்."

"ஏன், அங்க நான் இல்லேன்னு உங்களுக்கு நிம்மதியா இல்லையா?" என்று கேட்டேன். அவள் முகம் சுருங்கிப் போய்விட்டாள்.

சாயங்காலமே கை திகுதிகுவென்று எரிந்தது. வெள்ளையான இடமெல்லாம் ரோஜா நிறத்தில் சிவந்திருந்தது. குளிர்ந்த தண்ணீரில் கையை விட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். காலையில் எழுந்தபோது புறங்கை முழுக்கக் கொப்புளம். அப்பளத்தில் எழும்புமே, அந்த மாதிரி. வெள்ளை எங்கே முடிகிறதோ அங்கேயே கொப்புளமும் முடிந்தது. வரைந்து வைத்த மாதிரி.

இவர் பார்த்தார். முகம் வெளிறியது. "நான் கடையைத் திறந்துட்டு வரேன்" என்று சட்டையை மாட்டிக்கொண்டு போனவர் திரும்ப வரவில்லை. நான் தனியாகத்தான் டாக்டரிடம் போனேன்.

டாக்டர் திட்டவில்லை. அதுதான் பயமாக இருந்தது. "கொப்புளத்தை உடைக்காதீங்க. அதுவா வத்தட்டும். சீழ் வச்சாலோ, காய்ச்சல் வந்தாலோ உடனே வாங்க. ஆறுற வரைக்கும் வெளிச்ச சிகிச்சை கிடையாது." பிறகு கேட்டார், "எத்தனை நேரம் வெயில்ல நின்னீங்க? கையில என்ன போட்டிருந்தீங்க?"

சொன்னேன். அவர் கையுறை ஒன்றை எடுத்து நீட்டிக் காட்டினார். "இதுவா? இந்த மெல்லிசு பிளாஸ்டிக் வெயிலைத் தடுக்கவே தடுக்காது. வெறுங்கையா நின்னதும் ஒண்ணு, இதைப் போட்டுக்கிட்டு நின்னதும் ஒண்ணு. துணிக் கையுறை போட்டிருந்தா இந்தக் கதி வந்திருக்காது." என் கையைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "உங்க வீட்டுக்காரர் அன்னிக்கு எல்லாம் விவரமா கேட்டாரே" என்றார்.

"கேட்டாரு" என்றேன்.

அங்கிருந்து நேரே பேக்கரிக்குப் போனேன். சின்ன முதலாளி கல்லாவில் உட்கார்ந்திருந்தான். கட்டுப் போட்ட கையை அவன் முன்னால் மேசை மேல் வைத்தேன்.

"உன் கஸ்டமரைக் கூப்பிடு தம்பி. நான் அவகிட்ட ரெண்டு வார்த்தை பேசணும். அந்தக் கண்ணாடிக்காரிதானே?"

"அய்யோ அக்கா, அவங்க இல்ல!"

"பின்ன யாரு? இந்தக் கையை வச்சுக்கிட்டு நான் இங்கேருந்து நகர மாட்டேன்."

அவன் அக்கம்பக்கம் பார்த்தான். "கஸ்டமர் யாருமே சொல்லலக்கா. உங்க வீட்டு அண்ணன்தான் வந்து கேட்டாரு. உங்களைக் கொஞ்ச நாள் பின்னாடி போடச் சொல்லி. அவர் கடைக்கு வர்றவங்க இங்க உங்களைப் பாத்துட்டு அங்க வந்து ஏதோ கேக்குறாங்களாம். நான் யோசிச்சேன்க்கா, பின்னாடி வெயிலாச்சேன்னு கேட்டேன். டாக்டரே வெளிச்சத்துல நிக்கச் சொல்லியிருக்காங்க, நல்லதுதான்னு அவர்தான் சொன்னாரு."

ஒரு பாவமும் அறியாத ஒருத்தியை நான் சந்தில் வைத்துக் குத்தியதுதான் முதலில் நினைவுக்கு வந்தது. வீட்டுக்குள் இருந்த முள்ளை வெளியே தேடியிருக்கிறேன்.

சாயங்காலம் இவர் வந்தார். செருப்பைக் கழற்றுவதற்குள் கேட்டேன்.

"யாரு அந்தக் கஸ்டமர்?"

புரிந்துகொண்டார். சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"நான் கத்தியைப் பிடிச்சு கழுத்துல வைக்கிறவன். ஒருத்தன் சேர்ல உக்காந்துக்கிட்டு, 'உன் பொண்டாட்டிக்குத்தானே கையெல்லாம் வெள்ளை? நீ கையைக் கழுவிட்டியா?'ன்னு கேக்குறான். இன்னொருத்தன் வந்துட்டு, என்னைப் பாத்துட்டு, எதிர்த்த கடைக்குப் போறான். நான் என்ன பண்ணட்டும்?"

"ஒட்டாதுன்னு சொல்றது."

"எத்தனை பேருக்குச் சொல்றது?"

"ஒருத்தனுக்காவது சொன்னீங்களா?"

குனிந்து செருப்பைக் கழற்ற ஆரம்பித்தார். எனக்கு அது போதும்.

"சரி, வெக்கப்பட்டீங்க. மறைக்கணும்னு நினைச்சீங்க. வீட்டுல உக்காருன்னு சொல்லியிருந்தா சண்டை போட்டுட்டாவது உக்காந்திருப்பேன். வெயில்ல நிக்கிறது நல்லதுன்னு ஏன் சொன்னீங்க? டாக்டர்கிட்ட கேள்வி கேட்டதே நீங்கதானே? பதிலும் காதுல விழுந்துச்சுதானே?"

"கொஞ்ச நேரம்தானே நீ நிக்கப் போறன்னு நினைச்சேன்" என்றார். பிறகு, "அப்படி நினைக்கணும்னு நினைச்சேன்" என்றார். அழுதார். அவர் அழுததைப் பார்த்தும் எனக்கு மனசு இளகவில்லை. அதை நினைத்தும் எனக்கு வருத்தமாகத்தான் இருந்தது.

கொப்புளம் வற்றி, தோல் உரிந்து, கை ஆற வாரக்கணக்கில் ஆனது. அதற்குள் சின்ன முதலாளி தானாகவே வந்து என்னைக் கல்லாவில் உட்காரச் சொன்னான். முற்றத்துக்கு ஒரு தார்ப்பாயும் கட்டினான், யாருக்காக என்று தெரியவில்லை. கண்ணாடிக்காரி வந்தபோது மன்னிப்புக் கேட்டேன். அவள் வழக்கம் போலக் காசை மேசையில் வைத்துவிட்டு, "இதெல்லாம் ஒரு விஷயமாக்கா" என்றாள். அப்போதுதான் எனக்குத் தோன்றியது, அவள் எல்லாக் கடையிலும் அப்படித்தான் வைப்பாள் போல.

கை ஆறிய பிறகு ஒரு காலையில், இவர் என் கையை ஜன்னல் பக்கம் திருப்பினார். பார்த்தார். பழுப்புப் புள்ளிகள் ஒன்றுகூட இல்லை. ஓரத்தில், கொப்புளம் எழாவிட்டாலும் நல்ல தோலும் கன்றியிருந்த இடத்தில், வெள்ளை இன்னும் ஒரு விரல் அகலம் கூடியிருந்தது. சுற்றிலும் வெயிலில் கறுத்திருந்ததால் அது முன்பைவிடப் பளீரென்று தெரிந்தது. இவர் என் கையை மெதுவாக என் மடியிலேயே வைத்துவிட்டு எழுந்து போனார். இந்த முறை "இங்க பாரு" என்று சொல்லவில்லை.

மறுபடி முதலிலிருந்து என்றார் டாக்டர். முயற்சி செய்வோம், புறங்கையில் பழையபடி வருமா என்று இப்போது சொல்ல முடியாது என்றார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை குடை பிடித்துக்கொண்டு இவர் கடைக்குப் போனேன். கூட்டமான நேரம். பெஞ்சில் நான்கைந்து பேர் காத்திருந்தார்கள். ஆம்பளைகள் கடை. நான் நுழைந்ததும் பெஞ்சு முழுக்கத் திரும்பிப் பார்த்தது. நடு நாற்காலி காலியானது. குடையை மடக்கிச் சுவரோரம் சாத்திவிட்டு, முழுக்கைச் சட்டையின் கையை முழங்கை வரை சுருட்டிக்கொண்டு, போய் உட்கார்ந்தேன். இரண்டு கையையும் நாற்காலிக் கைப்பிடியில் வைத்தேன். ட்யூப்லைட் வெளிச்சத்தில், எதிர்க் கண்ணாடியில், எல்லோருக்கும் நன்றாகத் தெரிந்தது.

"முடி நுனியெல்லாம் வெடிச்சுக் கிடக்கு. கொஞ்சம் வெட்டி விடுங்க" என்றேன்.

இவர் கண்ணாடி வழியாக என்னைப் பார்த்தார். பிறகு பெஞ்சைப் பார்த்தார். பெஞ்சில் ஒருவர் எழுந்து, "நான் அப்புறமா வரேன்" என்று செருப்பைத் தேடினார். யாரும் அவரைத் தடுக்கவில்லை. இவரும் தடுக்கவில்லை.

இவர் வெள்ளைத் துணியை எடுத்து உதறினார். எத்தனையோ தடவை தெருவைத் தாண்டி எனக்குக் காட்டிய அதே உதறல். என் கழுத்தைச் சுற்றிக் கட்டினார். துணி என் தோளை, மடியை, இரண்டு கைகளையும் மூடிக்கொண்டு விழுந்தது. இவர் மூச்சு கொஞ்சம் லேசானது. அது என் பின்கழுத்தில் எனக்குத் தெரிந்தது.

நான் துணிக்கு அடியிலிருந்து கைகளை வெளியே எடுத்தேன். துணிக்கு மேலே, மடியில், பக்கத்தில் பக்கத்தில் வைத்துக்கொண்டேன்.

"இப்ப வெட்டுங்க" என்றேன்.

கத்தரி வெகுநேரம் அசையவில்லை. அசைந்தபோது, முடி என் வெள்ளைக் கை மேல் வந்து விழுந்தது. அதைத் தட்டிவிட இவர் கை பழக்கத்தில் நீண்டது. பாதியில் நின்றது. பெஞ்சில் இருந்தவர்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

முடியை நானே தட்டிவிட்டுக்கொண்டேன்.